வேர்வை காயாத ஊரில் ஓடுவது எப்படி: குமரி மாவட்ட ஓட்டக்காரர்களுக்கான கோடை, மழைக்கால வழிகாட்டி

நாகர்கோவிலில் வெப்பமானி 40 டிகிரியைத் தொடுவது அபூர்வம். திருநெல்வேலிக்காரர்கள் நம்மைப் பார்த்து, "உங்க ஊரு குளுகுளுன்னு இருக்குமே" என்பார்கள். ஆனால் அங்கே ஓடிப் பழகியவர் சித்திரை மாதம் இங்கே வந்து, விடியற்காலை 26 டிகிரியில் பத்து கிலோமீட்டர் ஓடினால் எட்டாவது கிலோமீட்டரில் நடக்க ஆரம்பித்துவிடுகிறார். அவரைச் சாய்ப்பது வெயில் இல்லை. வேர்வை காயவில்லை, அதுதான் காரணம்.

ஓடும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாக மாறிவிடும். அதை வெளியே தள்ள நமக்கு இருக்கும் பெரிய வழி வேர்வை ஆவியாவது. ஆவியாகும் வேர்வைதான் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். முழங்கையில் வழிந்து தரையில் சொட்டுவது தண்ணீரையும் உப்பையும் மட்டும் கொண்டு போகிறது, உடம்பைக் குளிர்விப்பதில்லை. இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவை.

படி 1: ஈரப்பதத்தை விட்டுவிட்டு டியூ பாயிண்டைப் பாருங்கள்

நம் கிளப்பில் அடிக்கடி வரும் கேள்வி இது: "அண்ணே, காலையில ஈரப்பதம் 93 சதவீதம் காட்டுது. மத்தியானம் 65 தான் இருக்கு. அப்போ சாயங்காலம் ஓடுறதுதானே நல்லது?"

இல்லை. அந்தச் சதவீதம் வெப்பநிலையோடு சேர்ந்து மாறுவது. சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும் என்பதால், அதே அளவு நீராவி காலையில் 93 சதவீதமாகவும் மத்தியானம் 65 சதவீதமாகவும் தெரியும். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி பனித்துளியாகப் படியத் தொடங்குமோ, அதுதான் டியூ பாயிண்ட். நீராவி கூடினால் அதுவும் கூடும். 26 டிகிரியில் 93 சதவீதம் என்றால் டியூ பாயிண்ட் சுமார் 25 டிகிரி. 32 டிகிரியில் 65 சதவீதம் என்றாலும் ஏறக்குறைய அதே 25 தான். காற்றில் உள்ள நீராவியின் அளவு மாறவே இல்லை. காலையில் நமக்குக் கிடைக்கும் லாபம் வெயில் இல்லாததும், காற்று சூடாக இல்லாததும் மட்டுமே. அதுவே பெரிய லாபம், ஆகவே காலை ஓட்டத்தை விடாதீர்கள். ஆனால் விடியற்காலையில் வேர்வை நன்றாகக் காயும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம்.

போனில் இருக்கும் பெரும்பாலான வானிலை செயலிகள் டியூ பாயிண்டைக் காட்டும். நம் பக்கம் அது மார்கழி, தை மாதங்களில் 20-ஐ ஒட்டி இறங்கும். சித்திரை, வைகாசியில் 25, சில நாள் 26 என்று நிற்கும். நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. 21 வரை என்றால் திட்டப்படி ஓடலாம். 22 முதல் 24 வரை என்றால் கடிகாரத்தின் வேகத்தை மறந்துவிட்டு, இதயத் துடிப்பையோ மூச்சையோ வைத்து ஓட வேண்டும். 25-ஐத் தாண்டினால் அன்றைக்குக் கடினமான பயிற்சி கிடையாது. இது ஆய்வகத்தில் வந்த எல்லைக்கோடு இல்லை, நடைமுறைக்கு வைத்துக்கொண்ட கோடு. உங்கள் உடம்புக்கு ஒரு டிகிரி இப்படி அப்படி இருக்கலாம்.

படி 2: உங்கள் வேர்வையை எடை போடுங்கள்

இதை எல்லாரும் ஒருமுறையாவது செய்துவிடுங்கள். கோடையில் ஒருமுறை, ஐப்பசி மழையில் ஒருமுறை செய்தால் இன்னும் நல்லது. தேவைப்படுவது நூறு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் எடை மெஷின், ஒரு துண்டு, அளவு போட்ட தண்ணீர் பாட்டில்.

கிளம்பும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, உடை இல்லாமல் எடை பாருங்கள். வழக்கமான வேகத்தில் சரியாக ஒரு மணி நேரம் ஓடுங்கள். எவ்வளவு குடித்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் உடம்பை நன்றாகத் துடைத்துவிட்டு, மறுபடியும் உடை இல்லாமல் எடை பாருங்கள். நனைந்த பனியனோடு ஏறினால் கணக்கு கெட்டுவிடும். இங்கே ஒரு பனியனே கால் லிட்டர் வேர்வையைக் குடித்து வைத்திருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிளம்பும்போது எடை 68.4 கிலோ. ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர். வந்த பிறகு 67.0 கிலோ. நடுவில் குடித்தது 250 மில்லி. குறைந்தது 1.4 கிலோ, அதோடு குடித்த கால் லிட்டரைக் கூட்டினால் மணிக்கு 1.65 லிட்டர் வேர்வை.

இப்போது அந்த வேர்வையில் எவ்வளவு வேலை செய்தது என்று பார்க்கலாம். ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கலோரி என்று வைத்தால் இந்த ஓட்டத்துக்கு 680 ஆகும். அதில் சுமார் 530 வெப்பம். ஒரு லிட்டர் வேர்வை முழுவதும் ஆவியானால் 580 கிலோ கலோரியைக் கொண்டு போகும். அப்படியென்றால் 0.9 லிட்டர் ஆவியாகியிருந்தாலே போதும். மீதி முக்கால் லிட்டர் சும்மா சொட்டியது. உடம்பு, குளிர்ச்சி போதவில்லையே என்று இன்னும் இன்னும் வேர்வையை விடுகிறது, காற்று அதை வாங்கிக்கொள்ள மறுக்கிறது. குமரியில் ஓடுவதன் மொத்தச் சிக்கலும் இந்த முக்கால் லிட்டரில் இருக்கிறது.

இதே ஆள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஓடினால் 3.3 லிட்டர் போகும். எடையில் 2 சதவீதத்துக்கு மேல், அதாவது இவருக்கு 1.4 கிலோவுக்கு மேல் இழந்தால் வெப்பத்தில் ஓட்டம் தளர ஆரம்பிக்கும் என்பது பொதுவான அளவுகோல். அதற்குள் நிற்க வேண்டுமானால் மணிக்கு 950 மில்லி குடிக்க வேண்டும். ஓடிக்கொண்டே அவ்வளவு குடித்தால் பெரும்பாலானவர்களுக்கு வயிறு குலுங்கும், குமட்டும். வயிறு ஏற்றுக்கொள்வது பெரும்பாலும் 600 முதல் 800 வரைதான். 700 என்று வைத்துக்கொண்டால் இரண்டு மணி நேர முடிவில் 1.9 கிலோ, அதாவது 2.8 சதவீதம் குறைந்திருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்தினால் 2 சதவீதத்தை ஒட்டி முடியும்.

ஆகவே இவருக்கான பதில் "இன்னும் நிறைய குடி" என்பது இல்லை. பங்குனி முதல் வைகாசி வரை நீண்ட ஓட்டத்தை 90 நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி 30, 40 நிமிடத்தை மாலையில் மெதுவாக ஓடுவதுதான். மாரத்தான் இலக்கு வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். மூன்று மணி நேர ஓட்டங்களை மார்கழி, தைக்கு ஒதுக்கி வையுங்கள், அதற்கென்றே வந்த மாதங்கள் அவை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மெதுவாக ஓடுபவர், சிறிய உடல்வாகு உள்ளவர், பயந்துபோய் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் குடித்துக்கொண்டே போவார். திரும்பி வரும்போது எடை கூடியிருந்தால் அது ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். ஓடிய பிறகு எடை கிளம்பியதைவிடக் கூடவே கூடாது.

உப்பு விஷயத்தில் ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் வேர்வையில் சராசரியாக ஒரு கிராம் அளவுக்குச் சோடியம் போகும், ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். கறுப்புப் பனியன் காய்ந்ததும் வெள்ளைக் கோடு விழுந்தால் நீங்கள் உப்பு அதிகம் இழப்பவர். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஆகவே ஓடி முடித்து இளநீர் குடிப்பவர்கள் ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி, மோர் இரண்டும் நல்லவை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற நாளில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கிற அளவு தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்துக் கொண்டு போங்கள். பாதித் தண்ணீரில் கலக்க வேண்டாம். ஓடி முடித்த பிறகு, குறைந்த எடைக்கு ஒன்றரை மடங்கு திரவத்தை இரண்டு மூன்று மணி நேரத்தில் பிரித்துக் குடியுங்கள். காலைச் சாப்பாட்டில் மரச்சீனியும் மீன்குழம்பும் இருந்தால் உப்பைப் பற்றித் தனியாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் உப்பைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: வெப்பத்தைக் குறைக்க வேகத்தைக் குறையுங்கள், ஆனால் எல்லா ஓட்டத்திலும் ஒரே மாதிரி அல்ல

மெதுவான ஓட்டங்களில் இதயத் துடிப்புக்கு ஒரு மேல்வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த மாதத்தில் உங்கள் நிதான ஓட்டம் 140-இல் போகிறது என்றால் கோடையிலும் 145-க்கு மேல் விட வேண்டாம். புழுக்கத்தில் வேகம் மாறாமல் இருந்தாலும் துடிப்பு நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். காரணம், ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குப் போகிறது, வேர்வையால் ரத்தத்தின் அளவும் குறைகிறது. இதயம் அதை ஈடுகட்ட வேகமாக அடிக்கிறது. வரம்பைத் தொட்டதும் ஒரு நிமிடம் நடங்கள், பிறகு ஓடுங்கள். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடத்தில் போனவர் ஆறே முக்காலில் போவார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேகப் பயிற்சியில் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். வேகத்தைக் குறைத்தால் அந்தப் பயிற்சிக்கே அர்த்தம் போய்விடும். ஆகவே வேகத்தை வைத்துக்கொண்டு தூரத்தை உடைக்கிறோம். ஆயிரம் மீட்டர் ஐந்து முறை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு என்பதை நானூறு மீட்டர் பத்து முறை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு என்று மாற்றுங்கள். ஓய்வில் வெறுமனே நிற்காமல் தலையிலும் கழுத்திலும் முன்கையிலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்று முதல் சுற்றைவிட மூன்று நான்கு நொடி மந்தமானால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மீதியை இன்னொரு நாள் பார்க்கலாம்.

படி 4: பதினான்கு நாளில் உடம்பைப் பழக்குதல்

வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். முதல் ஐந்து நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு இறங்க ஆரம்பிக்கும். வேர்வை சீக்கிரமே வரத் தொடங்குவதும், அதில் உப்பு குறைவதும் பின்னால் வரும். இது நம்மில் இரண்டு வகை ஆட்களுக்கு முக்கியம். பெங்களூரிலிருந்து ஈஸ்டர் விடுமுறைக்கு வந்து, மறுநாளே பழைய வேகத்தில் ஓடப் பார்ப்பவர்கள் ஒரு வகை. பகல் முழுக்க ஏசி அறையில் வேலை பார்த்து, இரவும் ஏசியில் தூங்குபவர்கள் இன்னொரு வகை. இவர்கள் ஊரிலேயே இருந்தாலும் உடம்பு ஊருக்குப் பழகியிருக்காது.

முதல் மூன்று நாள் 30 நிமிடம், பேசிக்கொண்டே ஓடும் வேகம். நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை 45 நிமிடம். இரண்டாம் வாரத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொண்டு போய், பத்தாம் நாளுக்குப் பிறகு ஒரு சிறிய வேகப் பயிற்சி. தினமும் ஒரே பாதையில் ஒரே வேகத்தில் முதல் இருபது நிமிடம் ஓடி, இருபதாவது நிமிடத் துடிப்பைக் குறித்து வையுங்கள். அது இறங்கிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றால் உடம்பு பழகிவிட்டது. பழகியது தங்கிவிடாது, இரண்டு மூன்று வாரம் வெப்பத்தில் ஓடாமல் இருந்தால் பெரும்பகுதி போய்விடும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தாலோ, முந்தின இரவு தூக்கம் இல்லாவிட்டாலோ அன்றைக்கு ஓட்டம் வேண்டாம். வெப்பத்தால் விழுந்தவர்களின் கதையில் இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

படி 5: காற்று வரும் பக்கம் பார்த்துப் பாதை போடுங்கள்

நிழலைத் தேடுவது நம் எல்லாருக்கும் இயல்பு. ஆனால் சூரியன் ஏறுவதற்கு முன் நிழலால் பயனில்லை, காற்றோட்டம்தான் வேண்டும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குள் ஓடினால் குளிர்ச்சியாகத் தோன்றும், இலை அசையாது, பத்தாவது நிமிடத்தில் பனியன் ஒட்டிக்கொள்ளும். விடியலில் திறந்த வயல் ஓரம், குளக்கரை, பாலம் மேல். எட்டு மணிக்குப் பிறகு ஓட நேர்ந்தால் மட்டும் மரநிழல். கடற்கரையும் விடியற்காலையில் ஏமாற்றும். கடற்காற்று நிலம் சூடான பிறகுதான் எழும்பும்.

காற்று பின்னாலிருந்து உங்கள் வேகத்திலேயே அடித்தால் உங்களைச் சுற்றிக் காற்றே இல்லை என்று அர்த்தம். ஆகவே போகும்போது பின்காற்று, உடம்பு சூடேறித் திரும்பும்போது எதிர்காற்று வரும்படி பாதையைப் போட வேண்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை நினைத்துப் பாருங்கள், முப்பந்தல் காற்றாலைகள் அங்கே நிற்பது சும்மா இல்லை. அந்த மாதங்களில் தோவாளைப் பக்கம் ஓடுபவர்கள் கிழக்கே போய் மேற்கே திரும்பினால் கடைசி நாலு கிலோமீட்டர் வேர்வை தானாகக் காயும். நேரம் அரை நிமிடம் கூடும், விட்டுவிடுங்கள்.

படி 6: இரண்டு மழைக்கும் இரண்டு விதம்

தமிழ்நாட்டில் மற்ற ஊர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழைதான் கணக்கு. நமக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபரில் வடகிழக்கும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல.

ஜூன், ஜூலை மழையில் நனைந்துகொண்டே ஓடுவது நம் வருடத்திலேயே சுகமான ஓட்டங்களில் ஒன்று. மழைநீரே வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். கோளாறு மழை விட்டு வெயில் அடிக்கும்போது வரும். ஈரமான தார்ச்சாலையிலிருந்து ஆவி கிளம்பும், டியூ பாயிண்ட் மேலே போகும். மழையில் கிளம்பிய வேகத்தை அப்போதும் பிடித்துக்கொண்டிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். மழைக்கோட்டு போட்டு ஓடாதீர்கள், அது உள்ளேயே ஒரு புழுக்கத்தை உண்டாக்கும்.

வடகிழக்குப் பருவத்திலும், அதற்கு முன் சித்திரை, வைகாசியிலும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் வரும். அந்த மாதங்களில் மைதானப் பயிற்சியைக் காலைக்கு மாற்றிவிடுவதே நல்லது. இடிச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது. உடனே கான்கிரீட் கட்டடத்துக்குள் அல்லது கண்ணாடி ஏற்றிய காருக்குள் போங்கள். தென்னை மரத்தடி, திறந்த பேருந்து நிழற்குடை, மைதானத்து இரும்பு வேலி எல்லாம் ஒதுங்கும் இடங்கள் இல்லை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். நடுவில் ஒரு இடி கேட்டால் கணக்கை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தேங்கிய தண்ணீரில் கால் வைத்து ஓடாதீர்கள். குழி தெரியாது என்பது ஒன்று, எலிக்காய்ச்சல் என்பது இன்னொன்று. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து கிருமி, காலில் உள்ள சிறு கீறல் வழியாக உள்ளே போகும். தண்ணீரில் நடக்க நேர்ந்தவர்களுக்கு அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஓடியதால் வந்த வலி என்று நினைத்துவிட வேண்டாம். மருத்துவரிடம் போய் வெள்ளத்தில் நடந்ததையும் சொல்லுங்கள். ஷூவை மறுநாளைக்குக் காயவைக்க, உள்பட்டையைக் கழற்றிவிட்டு, பழைய செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை மாற்றினால் போதும்.

படி 7: ஒருவர் தள்ளாட ஆரம்பித்தால்

ஓடும்போது வரும் வெப்பத் தாக்கில் தோல் காய்ந்துதான் இருக்கும் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். வேர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். பார்க்க வேண்டியது மூளையை. நேராக ஓட முடியவில்லை, காரணமில்லாமல் எரிந்து விழுகிறார், "இன்னைக்கு என்ன கிழமை?" என்றால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறார். இதில் ஒன்று இருந்தாலும் வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கையால் நெற்றியைத் தொட்டு முடிவு செய்யக் கூடாது, உள்ளே 40 டிகிரிக்கு மேல் இருக்கும்போதும் நனைந்த நெற்றி சில்லென்று இருக்கலாம்.

ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் அந்த நொடியே குளிர்விக்க ஆரம்பிக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அரை மணி நேரத்துக்குள் உடம்பு இறங்கினால்தான் உறுப்புகள் தப்பும். நம் கிளப்பின் ஞாயிறு ஓட்டத்துக்குக் கொண்டு வரும் வண்டியில் ஒரு தார்ப்பாயும், ஐஸ் பெட்டியும், இரண்டு பெரிய கேன் தண்ணீரும் கட்டாயம் இருக்க வேண்டும். ஐஸுக்கு நமக்குப் பஞ்சமில்லை. குளச்சலிலும் முட்டத்திலும் சின்னமுட்டத்திலும் மீனுக்குப் போடும் ஐஸ் விடியற்காலையிலேயே கிடைக்கும், குடிப்பதற்கு மட்டும் அது ஆகாது.

ஆளைத் தார்ப்பாயின் நடுவில் படுக்க வைத்து, நான்கு பேர் நான்கு ஓரங்களையும் தூக்கித் தொட்டிபோலப் பிடியுங்கள். தண்ணீரையும் ஐஸையும் கொட்டி, கழுத்து வரை நனையும்படி தண்ணீரை அலைத்துக்கொண்டே இருங்கள். ஒருவர் தலையை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும், முகம் தண்ணீருக்குள் போகக் கூடாது. தார்ப்பாய் இல்லையென்றால் வாளி வாளியாக உடம்பு முழுக்க ஊற்றி, விசிறுங்கள். குழம்பிய நிலையில் இருப்பவரைக் குளத்தில் இறக்காதீர்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. தெளிவாகப் பேச ஆரம்பித்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டது அடுத்த இரண்டு நாளில்தான் ரத்தப் பரிசோதனையில் தெரிய வரும்.

அப்படி விழுந்து எழுந்தவர் குறைந்தது ஒரு வாரம் எந்தப் பயிற்சியும் செய்யக் கூடாது. பரிசோதனை முடிவுகள் சரியாகி மருத்துவர் அனுமதித்த பிறகு, படி 4-இல் சொன்ன பதினான்கு நாளை முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கலாம். அந்த இரண்டு வாரமும் அவரைத் தனியாக ஓட விடாதீர்கள்.